பாண்டில் 2 லட்சம் என்றிருந்தால் 2 லட்சமும் கட்ட வேண்டுமா? பயிற்சிப் பத்திரத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு என் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்: ஆஃபர் லெட்டர், 100 ரூபாய் முத்திரைத்தாளோடு சேர்த்துத் தைத்த நாலு பக்க பாண்ட், கடைசியாக கம்பெனி வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். நோட்டீஸில் கேட்டிருந்த தொகை 2,36,000 ரூபாய், 15 நாள் கெடு. அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நெலத்துல ஒரு பங்க வித்தாவது கட்டிடறோம் சார். பொண்ணு மேல கேஸுன்னு மட்டும் வந்துடக் கூடாது."

"அய்யா, கொஞ்சம் பொறுங்க. எவ்வளவு கட்டணும்னே இன்னும் தெரியலையே" என்றேன்.

இத்தனை மாதம் வேலை பார்ப்பேன், இடையில் போனால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பயிற்சி பாண்ட். அதைப் பற்றி இரண்டு பேச்சு ஊரில் புழங்குகிறது. "பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது, தூக்கிப் போட்டுட்டு வா" என்று நண்பர்கள் சொல்வார்கள். "கையெழுத்துப் போட்டாச்சு, முழுசையும் கட்டித்தான் தீரணும்" என்று எச்ஆர் சொல்வார். இரண்டையும் நம்பக் கூடாது. பாண்ட் செல்லும். ஆனால் அதில் எழுதியிருக்கும் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு என்பதை, கம்பெனி உங்களுக்காக உண்மையில் என்ன செலவழித்தது, நீங்கள் எத்தனை மாதம் வேலை பார்த்துக் கொடுத்தீர்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. இந்தியாவில், தனியார் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்து பாண்ட் காலம் முடியுமுன் விலக நினைப்பவர் என்ன வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்தப் பெண்ணின் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

## முதலில் பாண்டை உட்கார்ந்து படியுங்கள்

பேப்பர் போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பாண்டின் நகல் கையில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். சேரும் நாளில் பத்துப் பதினைந்து காகிதங்களில் கையெழுத்து வாங்கிவிட்டு, நகல் தராமலே விடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது.

படிக்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள். பாண்ட் காலம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறதா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? இரண்டு மாதப் பயிற்சி என்றால், இந்த ஒரு வரியால் உங்கள் கணக்கில் இரண்டு மாதம் கூடும் அல்லது குறையும். அந்தப் பெண்ணின் பாண்டில் "சேர்ந்த நாளிலிருந்து 24 மாதங்கள்" என்று இருந்தது. அது அவளுக்கு நல்லதாகப் போயிற்று.

அடுத்து, தொகை எதற்காக என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். "பயிற்சிக்குச் செலவிட்ட தொகைக்கு ஈடாக" என்றிருப்பதும், "எந்தக் காரணத்துக்காக விலகினாலும் அபராதமாக" என்றிருப்பதும் ஒன்றல்ல. சில பாண்டுகளில் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: பயிற்சியின் பெயர், காலம், செலவு. அந்தப் பெண்ணின் பாண்டிலும் இருந்தது. "பயிற்சிச் செலவு" என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது, எண் எதுவும் இல்லை. நான் சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட முதல் இடம் அதுதான்.

பிறகு, மாதம் ஆக ஆகத் தொகை குறைகிறதா என்று பாருங்கள். முதல் வருடத்தில் விலகினால் இவ்வளவு, இரண்டாம் வருடத்தில் இவ்வளவு என்று இறங்குவரிசையில் எழுதிய பாண்ட் நீதிமன்றத்தில் நியாயமாகத் தெரியும், கம்பெனிக்குப் பலம். முதல் மாதம் போனாலும் இருபத்துமூன்றாம் மாதம் போனாலும் அதே 2 லட்சம் என்றால் அது அபராதம் போலத்தான் தெரியும்.

கடைசியாக, யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது. அப்பாவோ அண்ணனோ ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால், உங்களிடம் எவ்வளவு வசூலிக்க முடியுமோ அதை அவரிடமும் வசூலிக்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்கள் பொறுப்பு குறைந்தால் அவர் பொறுப்பும் கூடவே குறையும். பிளாங்க் செக் கொடுத்திருந்தால் அதன் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முத்திரைத்தாள் மதிப்பு போதாது, சாட்சி கையெழுத்து இல்லை என்பதையெல்லாம் பெரிய ஓட்டை என்று நினைக்க வேண்டாம். முத்திரைக் குறைபாட்டைத் தண்டம் கட்டிச் சரிசெய்துகொள்ள சட்டம் வழி விடுகிறது. கையெழுத்திட்ட நாளில் உங்களுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் மட்டும் கதை வேறு. மைனரோடு போட்ட ஒப்பந்தம் அடியிலேயே செல்லாது.

## சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது

"பாண்ட் செல்லாது" என்பவர்கள் சுட்டிக்காட்டுவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை இந்தப் பிரிவு அடித்துவிடும். ஆனால் பயிற்சி பாண்ட் உங்களை எங்கும் சேரக் கூடாது என்று தடுப்பதில்லை. போவதென்றால் பணம் கட்டிவிட்டுப் போ என்கிறது. அதனால் 27 இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வங்கியில் சீனியர் மேனேஜராக 2007இல் சேர்ந்த ஒருவர், மூன்று வருடம் முடியுமுன் 2009இல் வேறு வங்கிக்குப் போனார். பாண்டில் இருந்த 2 லட்சத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்த நிபந்தனை தொழில் தடையும் இல்லை, பொதுக்கொள்கைக்கு விரோதமும் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இப்போது கம்பெனி வக்கீல்கள் அனுப்பும் நோட்டீஸ்களில் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். பயந்துவிடாமல் அதன் காரணத்தைப் படியுங்கள். பொதுத்துறை வங்கி ஓர் ஆளை எடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்புக்கு உட்பட்டு விளம்பரம் கொடுத்து, எல்லோருக்கும் வாய்ப்புத் தந்து, தேர்வு நடத்தித்தான் எடுக்க முடியும். இடையில் ஒருவர் போனால் அந்தச் செலவு முழுவதையும் மறுபடி செய்தாக வேண்டும். அவர் வாங்கிய சம்பளத்தோடு பார்த்தால் 2 லட்சம் வெளியேறும் வழியை அடைக்கும் அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை. நீதிமன்றம் எடை போட்டது இவற்றைத்தான். மாதம் 15,000 உதவித்தொகையில் கேம்பஸில் எடுத்த ஒரு பயிற்சியாளரிடம் தனியார் கம்பெனி கேட்கும் 2 லட்சத்துக்கு இந்தக் காரணங்கள் அப்படியே பொருந்தாது. பாண்ட் செல்லுமா என்ற கேள்வியை இந்தத் தீர்ப்பு முடித்துவைத்தது. எவ்வளவு என்ற கேள்வி திறந்தேதான் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவில். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு கிடைக்கும் என்பது அதன் சாரம். "மேற்படாத", "நியாயமான" என்ற இரண்டு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியின் கணக்கெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கு நல்ல உதாரணம். பாண்ட் 3 வருடத்துக்கு, தொகை 2 லட்சம். ஊழியர் 2 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பயிற்சிக்குக் கம்பெனி செலவழித்ததாக நின்றது சுமார் 67,600 ரூபாய். நீதிமன்றம் அதை மூன்று வருடத்துக்குப் பிரித்து, மீதமிருந்த ஒரு வருடத்துக்கு 22,532 ரூபாய் மட்டும் கொடுக்கச் சொன்னது. கேட்டது 2 லட்சம் என்பதோடு வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கம்பெனி தன் செலவில் சிறப்புப் பயிற்சியோ சலுகையோ கொடுத்து, அதைப் பெற்றவர் வாக்கை மீறிப் போனால், அந்த மீறலே கம்பெனிக்குச் சட்டப்படியான பாதிப்பு என்றது. நஷ்டத்தை ரூபாய் கணக்கில் தனியாக நிரூபிக்கவில்லை என்பதற்காகக் கம்பெனியை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்பது இதன் விளைவு. ஆகவே "நஷ்டத்தை நிரூபி பார்க்கலாம்" என்ற வாதத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சிறப்புப் பயிற்சி என்று ஒன்று நடந்ததா என்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பி ஓர் இயந்திரத்தைக் கையாளக் கற்றுக்கொடுத்தது பயிற்சி. சேர்ந்த முதல் வாரம் கம்பெனி விதிமுறைகளை ஸ்லைடில் காட்டிவிட்டு, மறுவாரமே வாடிக்கையாளர் வேலையில் போட்டால், அதைப் பயிற்சி என்று எழுதிவிட்டதாலேயே அது பயிற்சி ஆகிவிடாது.

## கணக்கைப் போடுங்கள்

அந்தப் பெண் சேர்ந்து 15 மாதம் முடித்திருந்தாள். 24இல் 15 போக மீதி 9 மாதம். முதல் இரண்டு மாதம் பயிற்சி, மாதம் 15,000 உதவித்தொகை. மூன்றாம் மாதத்திலிருந்து வாடிக்கையாளர் புராஜெக்டில் வேலை.

முதலில் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன்: "எனக்கு அளித்த பயிற்சிக்கான செலவு விவரத்தை பில் நகல்களோடு தரவும்." முதல் பதில் ஒரே வரியில் வந்தது, பயிற்சிச் செலவு 2 லட்சம் என்று. மறுபடி கேட்டபோது ஒரு எக்செல் தாள் வந்தது. வெளிப் பயிற்றுநர் 18,000, சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம் 12,000, லேப் 6,000, உதவித்தொகை 30,000, ஆள்சேர்ப்புச் செலவு 40,000, மாற்று ஆள் எடுக்கும் செலவு 94,000. கூட்டினால் சரியாக 2,00,000. உண்மையான செலவு இப்படி முழு எண்ணில் வந்து நிற்காது. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

ஒவ்வொரு இனமாக எடுத்துக்கொண்டோம். வெளிப் பயிற்றுநருக்கு 20 பேர் கொண்ட குழுவுக்கு 3,60,000 ரூபாய்க்கு பில் இருந்தது. தலைக்கு 18,000, சரி. தேர்வுக் கட்டணத்துக்கு ரசீது அவள் பெயரிலேயே இருந்தது. லேப் 6,000 பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோம். ஆக 36,000 உறுதியான செலவு.

உதவித்தொகை இழுபறியான இனம். வகுப்பில் மட்டும் உட்கார்ந்து கம்பெனிக்கு எந்த வேலையும் செய்து கொடுக்காத காலத்துக்கு அதையும் பயிற்சிச் செலவில் சேர்க்க வேண்டும் என்று கம்பெனி வாதிடலாம். ஒருவரை வேலையில் வைத்திருந்ததற்கான சம்பளம் அது, திருப்பிக் கேட்க முடியாது என்று நாம் வாதிடலாம். நீதிபதி எந்தப் பக்கமும் சாயலாம் என்பதால், கணக்கை இரண்டு விதமாகவும் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆள்சேர்ப்புச் செலவில் அவள் பங்கைக் காட்டும் காகிதம் எதுவும் தரவில்லை. மாற்று ஆள் செலவு இன்னும் நடக்கவே இல்லை. அந்த இரண்டையும் மறுத்தோம்.

உதவித்தொகை இல்லாமல்: 36,000-ஐ 24ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 13,500. உதவித்தொகையோடு: 66,000-ஐ அதேபோல் செய்தால் 24,750. அப்பா நிலத்தை விற்றுக் கட்ட நினைத்த 2,36,000 இந்த இடத்துக்கு வந்து நின்றது.

2 லட்சத்துக்கு மேலிருந்த அந்த 36,000 எங்கிருந்து வந்தது? 18 சதவீத ஜிஎஸ்டி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் பலர் கேட்கிறார்கள், கேட்டவுடன் கட்டியும் விடுகிறார்கள். மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178/10/2022-ஜிஎஸ்டி சுற்றறிக்கையில், ஊழியர் முன்கூட்டியே விலகும்போது பிடிக்கும் பாண்ட் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று விளக்கம் தந்துவிட்டது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரே வரி எழுதினோம். அடுத்த கடிதத்தில் 36,000 காணாமல் போயிருந்தது.

## விலகும் விதம்

கணக்கு கைக்கு வந்த பிறகு பேப்பர் போடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். அப்படி நின்றால் பாண்டோடு நோட்டீஸ் கால மீறலும் சேர்ந்துகொள்ளும். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பிலும் "தலைமறைவு" என்ற குறிப்பு நிற்கும். நோட்டீஸ் காலம் வேறு, பாண்ட் வேறு என்பதை மறக்க வேண்டாம். பாண்ட் தொகையைக் கட்டிவிட்டாலும் நோட்டீஸ் காலத்தை முடிக்க வேண்டும் அல்லது அதற்கான சம்பளத்தைத் தர வேண்டும்.

ராஜினாமாவை மின்னஞ்சலில், தனிப்பட்ட முகவரிக்கும் ஒரு நகல் வைத்து அனுப்புங்கள். கம்பெனி அஞ்சல் பெட்டி கடைசி நாளன்று மூடிவிடும். பயிற்சி அட்டவணை, புராஜெக்டில் போட்ட தேதி, மாதச் சம்பளச் சீட்டு, எச்ஆரோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அதற்கு முன்பே எடுத்து வையுங்கள். வாடிக்கையாளரின் கோப்புகளையோ மென்பொருள் நிரல்களையோ தொடாதீர்கள். சிறிய பாண்ட் தகராறைப் பெரிய வழக்காக்க அது ஒன்று போதும்.

கம்பெனியே உங்களை அனுப்பினால் நிலைமை வேறு. 74ஆம் பிரிவு ஒப்பந்தத்தை மீறியவரிடம்தான் இழப்பீடு கேட்க விடுகிறது. ஆள்குறைப்பில் அனுப்பிவிட்டு, "எந்தக் காரணத்துக்காக" என்ற சொல்லைக் காட்டி பாண்ட் தொகை கேட்பது நிற்காது. இதனால்தான் சில இடங்களில் "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று வற்புறுத்துகிறார்கள். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்.

கடைசிச் சம்பளத்தில் கைவைப்பது கம்பெனிக்கு மிக எளிய வழி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். ஊதியத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதற்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு. பயிற்சி பாண்ட் தொகை என்று ஓர் இனம் அந்தப் பட்டியலில் இல்லை. முழுச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டால் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பிஎஃப் பணத்தை பாண்டுக்காக யாராலும் பிடிக்க முடியாது. கம்பெனி விலகல் தேதியைப் பதிவிடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃப் உறுப்பினர்களுக்கான யுஏஎன் தளத்தில் `Manage` பகுதியில் உள்ள `Mark Exit` வழியாக நீங்களே பதிவிட்டுக்கொள்ளலாம்.

## சான்றிதழும் செக்கும்

பணத்தைவிட அதிகம் பேரைக் கட்டிப் போடுவது அசல் சான்றிதழ்தான். சரிபார்க்க என்று வாங்கி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை சட்டத்தில் சில இடங்களில் உண்டு. ஆனால் கல்விச் சான்றிதழ் விற்கும் பொருள் அல்ல, அதன் மேல் அந்த உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். "சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது, பணம் கட்டினால் தருவோம்" என்று ஒரு பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கப்புறம் வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனாலே பெரும்பாலும் கூரியரில் வந்துவிடும். பாண்டையும் சான்றிதழையும் சேர்த்துப் பேரம் பேச ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செக் விஷயத்தில் நான் உண்மையிலேயே எச்சரிக்கிறேன். பாண்ட் தகராறு சிவில் விவகாரம். "எஃப்ஐஆர் போடுவோம்" என்று சொன்னாலும், சேரும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினாலொழிய அது மோசடிக் குற்றம் ஆகாது. ஆனால் கையெழுத்திட்ட செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அது குற்ற வழக்காகிவிடும். எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்காக இருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது.

அதனால் ராஜினாமா அனுப்பும் அதே வாரத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன எண்ணுள்ள செக்குகள் பிணையாகக் கொடுத்தவை, என்னிடமிருந்து வர வேண்டிய தொகை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை, வங்கியில் போட வேண்டாம், திருப்பித் தரவும். பின்னால் வழக்கு வந்தால் உங்கள் வாதத்துக்கு இதுதான் அடித்தளம். செக்கைப் போட்டுத் திரும்பிவிட்டால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் கம்பெனி உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் உங்களுக்கு அவகாசம். அந்த 15 நாளுக்குள் கட்டாயம் பதில் போக வேண்டும். வேறு எந்த நோட்டீஸையும்விட இதற்கு அவசரம் காட்டுங்கள்.

## பேரமும் நோட்டீஸும்

உங்கள் கணக்குப்படி உள்ள தொகையை நீங்களே முதலில் எழுத்தில் முன்வையுங்கள். எதுவும் தர மாட்டேன் என்பவரைவிட, செலவைக் கணக்கிட்டு நியாயமான பங்கைத் தர முன்வந்தவர் நீதிபதியின் கண்ணில் நல்ல இடத்தில் நிற்பார். கடிதத்தின் தலைப்பில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதுங்கள். பேரத்துக்காகச் சொன்ன தொகையை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

அந்தப் பெண் 24,750 என்று எழுதினாள். கம்பெனி 75,000-க்கு இறங்கியது. பிறகு மூன்று வாரம் மௌனம். புதிய கம்பெனி ரிலீவிங் லெட்டர் கேட்டு நெருக்கியது. இந்த நெருக்கடி கம்பெனிக்கும் தெரியும், அவர்களின் உண்மையான பிடி நீதிமன்றத்தைவிட இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. நான் அவளை, ராஜினாமா ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பிஎஃப் பதிவு மூன்றையும் புதிய கம்பெனிக்கு அனுப்பி, பாண்ட் தொகை பற்றிப் பேச்சு நடக்கிறது என்று உண்மையைச் சொல்லச் சொன்னேன். அவர்கள் இரண்டு மாத அவகாசம் தந்தார்கள். அதன் பிறகு அவசரம் இவள் பக்கம் இல்லை. கடைசியில் 30,000-க்கு முடிந்தது.

முடியும்போது பணத்தை மட்டும் கட்டிவிட்டு வராதீர்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, ஜாமீன்தாரர் மீதும் இல்லை என்ற வாசகத்தோடு கடிதம், அசல் பாண்ட், செக்குகள், ரிலீவிங் லெட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். வேறு வழியில்லாமல் முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டுங்கள். விஜயா வங்கி ஊழியர் கட்டியதும் அப்படித்தான், அதனால்தான் பிறகு வழக்காட முடிந்தது.

## வழக்கு வந்தால்

நோட்டீஸ் அனுப்பும் எல்லாக் கம்பெனியும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் போட முடியாத அளவுக்குச் செலவும் இல்லை. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய்தான். நீங்கள் விலகிய நாளிலிருந்து 3 வருடம் வரை வழக்குப் போட அவர்களுக்குக் காலம் உண்டு. அதுவரை காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், முகவரி மாறினால் பழைய வீட்டில் சொல்லி வையுங்கள்.

நல்ல வாதம் கையில் இருந்தும் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்மன் பழைய முகவரிக்குப் போய், இவர் ஆஜராகாமல், கேட்ட தொகை முழுவதுக்கும் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு சம்பளத்தை ஜப்தி செய்ய உத்தரவு வரும்போதுதான் தெரியும். சம்மன் வந்தால் 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும், நீதிமன்றம் விட்டால் 90 நாள் வரை போகலாம். சம்மனில் ஆணை 37 என்று இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. அதில் ஆஜராகிப் பதிவு செய்ய 10 நாள்தான். கணக்கையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

## இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு

கேம்பஸில் தேர்வான சந்தோஷத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வேலையை இழக்காமல் கேட்கக்கூடிய மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். பயிற்சிச் செலவு என்ற கட்டத்தில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். மாதாமாதம் தொகை குறையும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். செக்குக்குப் பதில் பாண்ட் மட்டும் போதாதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் மறுத்துவிட்டால், நீங்கள் கேட்டதும் அவர்கள் மறுத்ததும் மின்னஞ்சலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட ஒவ்வொரு பக்கத்தையும், அந்தக் காலி அட்டவணை உட்பட, அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.